ஒரு கொப்பி, இரண்டு தம்பிமார்: ஸ்டீம் குடும்பப் பகிர்வு கேள்வி-பதில்

தம்பியும் நானும் ஒரே நேரத்தில் ஆட முடியுமா? என்னுடைய லைப்ரரியில்தான் எல்லா கேமும் இருக்கிறது. (கிளிநொச்சி)

முடியும், ஆனால் வேறு வேறு கேம் என்றால்தான். பழைய பகிர்வு முறையில் லைப்ரரி முழுவதையும் ஒருவர் பிடித்துக்கொண்டால் மற்றவர் காத்திருக்க வேண்டும், 2024 இல் வந்த ஸ்டீம் ஃபமிலிஸில் அந்தத் தொல்லை இல்லை. இப்போது ஒரு கேமை வீட்டில் எத்தனை கொப்பி வாங்கியிருக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். உங்களிடம் ஸ்டார்டியூ வேலியும் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 உம் தலா ஒன்று இருக்கிறது என்று வையுங்கள்: தம்பி ட்ரக் ஓட்ட நீங்கள் தோட்டம் செய்யலாம், ஆனால் இருவரும் அவரவர் லப்டொப்பிலிருந்து சேர்ந்து ஸ்டார்டியூவில் ஒரே பண்ணையில் இறங்க வேண்டுமானால் வீட்டில் யாராவது இரண்டாவது கொப்பி வாங்கத்தான் வேண்டும். வாங்கியது யாராக இருந்தாலும் பரவாயில்லை, அதன்பிறகு குடும்பத்தில் எந்த இருவரும் ஒன்றாக ஆடலாம். சேவ், அச்சீவ்மென்ட் எல்லாம் அவரவர் கணக்கில் தனித்தனியே இருக்கும், தம்பி உங்கள் பண்ணையை அழித்துவிடுவான் என்ற பயம் வேண்டாம்.

கேமுக்குத் தனிக் கொப்பி வாங்கினேன், அண்ணாவின் மேப்புகள் காணாமல் போய்விட்டன. ஏன்? (மல்லாவி)

அண்ணாவின் கொப்பியை இரவல் வாங்கி ஆடும்போது மேப்பு போன்ற அவருடைய டிஎல்சியும் கூட வரும். உங்களுடைய கொப்பியில் உங்களுடைய டிஎல்சி மட்டும்தான், மேப்புகளை நீங்களும் வாங்க வேண்டும். ஆகவே டிஎல்சி நிறைய உள்ள கேமுக்கு இரண்டாவது கொப்பி வாங்குமுன் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணாவைச் சேர்க்கலாமா? (புதுக்குடியிருப்பு)

முடியாது. ஆறு பேர் வரை சேரலாம், ஆனால் ஒரே வீட்டில், ஒரே நாட்டுக் கணக்கில் இருப்பவர்களுக்கான ஏற்பாடு இது. இன்னொன்று, பெரியவர் கணக்கில் உள்ளவர் குடும்பத்தை விட்டு விலகினால், அதில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருடம் ஆகும்வரை வேறு குடும்பத்தில் சேரவோ புதிதாகத் தொடங்கவோ இயலாது. அதனால் கூட்டாளிமாரை அவசரப்பட்டுச் சேர்க்காதீர்கள்.

ஒரே கேமை இரண்டு லப்டொப்பிலும் டவுன்லோட் செய்ய டேட்டா காணாது. (முல்லைத்தீவு)

ஒன்றில் இறக்கினால் போதும். இரண்டு லப்டொப்பையும் ஒரே ரவுட்டரில் இணைத்து, இரண்டிலும் ஸ்டீமைத் திறந்து ஒன்லைனில் வையுங்கள். பிறகு `Settings` இல் `Downloads` பகுதிக்குப் போய் `Game File Transfer over Local Network` ஐ நண்பர்களுக்கு அனுமதியுங்கள், தம்பி உங்கள் ஸ்டீம் நண்பர் பட்டியலிலும் இருக்க வேண்டும். இனி அவன் இன்ஸ்டோல் அழுத்தினால் கோப்புகளின் பெரும்பகுதி வீட்டுக்குள்ளேயே நகரும்.

தங்கை கேட்ட கேம் பட்டியலில் வரவில்லை. (வவுனியா)

எல்லா கேமும் பகிரப்படாது. வேறு நிறுவனத்தின் கணக்கோ சந்தாவோ கேட்கும் கேம்களை ஸ்டீம் விலக்கிவிடும். வாங்குமுன் கடைப் பக்கத்தில் `Family Sharing` என்ற குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

தம்பி சீட் போட்டு ஏமாற்றி ஆடினால் எனக்கு என்ன? (கிளிநொச்சி)

உங்கள் கொப்பியில் ஆடி அவன் தடைபட்டால் அந்த கேமில் உங்களுக்கும் தடைதான். ஒன்லைன் போட்டி கேம்களை அவன் தன் காசில் வாங்கி ஆடட்டும்.