கல்விக் கடனில் வட்டி எப்போது அசலாகிறது?

"4 லட்சம் கல்விக் கடன் வாங்கினேன். படிக்கும்போது தவணை இல்லை என்றார்கள். இப்போது வங்கி 5.40 லட்சம் என்கிறது. எப்படி?"

தவணைக்குத்தான் விடுப்பு, வட்டிக்கு இல்லை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டத்தில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுப்புக் காலம். பணம் கல்லூரிக்குப் போன நாளிலிருந்தே வட்டி ஏறத் தொடங்கிவிடுகிறது.

நான்காண்டுப் படிப்பு, ஆண்டுத் தொடக்கத்தில் 1 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு ஐந்தாண்டு வட்டி 50,000. அடுத்தடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. மொத்தம் 1.40 லட்சம். தவணை தொடங்கும் நாளில் இது அசலோடு சேர்கிறது. அன்றிலிருந்து அந்த வட்டிக்கும் வட்டி உண்டு. வலிக்கும் இடம் இதுதான். பத்தாண்டுத் தவணை 5,286 ரூபாய்க்குப் பதிலாக 7,136 ஆகிறது. மாதம் 1,850 வீதம் மொத்தம் 2.22 லட்சம் கூடுதல்.

இது தனிவட்டிக் கணக்கு. மாதாமாதம் கூட்டுவட்டி போட்டிருந்தால் தொகை 5.70 லட்சத்தைத் தொட்டிருக்கும். சில கடன்களில் அப்படியும் நடக்கிறது. அனுமதிக் கடிதத்தையும் கணக்கு அறிக்கையையும் பாருங்கள்: தனிவட்டி என்றால், இந்த மாத வட்டி சென்ற மாத வட்டியின் மீது கணக்கிடப்பட்டிருக்கக் கூடாது.

உங்கள் தம்பி தங்கைக்குக் கடன் வாங்கினால், வட்டியை மட்டும் அவ்வப்போது கட்டிவிடுங்கள். முதலாண்டில் மாதம் 833 ரூபாய்தான், நான்காம் ஆண்டில் 3,333. படிப்புக் காலத்தில் வட்டி கட்டுவோருக்கு 1 சதவீதச் சலுகையும் மாதிரித் திட்டத்தில் உண்டு. அதை வங்கியில் கேட்டுப் பெறுங்கள்.