அப்டேட்டுக்குப் பிறகு ஆபீஸ் மெயில் போச்சு, ஐடி-யிலோ எல்லாம் பச்சை

கேள்வி: என் சொந்த ஆண்ட்ராய்டு போனில் ஆபீஸ் மெயிலுக்காக வொர்க் ப்ரொஃபைல் போட்டிருக்கிறேன். முந்தாநாள் இரவு சிஸ்டம் அப்டேட் ஆனது. நேற்று முழுக்க மெயில் வந்தது. இன்று காலை அவுட்லுக் திறந்தால், இந்த போன் கம்பெனி நிர்வாகத்தில் இல்லை என்கிறது. ஐடி-யில் கேட்டால் "எங்க பக்கம் எல்லாம் பச்சையா இருக்கு" என்கிறார்கள். யார் சொல்வது சரி? ப்ரொஃபைலை அழித்துவிட்டு மறுபடி போடலாமா?

பதில்:

இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். ஆனால் இருவரும் பார்ப்பது ஒரே பதிவைத்தானா என்பதுதான் சந்தேகம். அது தெரியும்வரை ப்ரொஃபைலை அழிக்காதீர்கள்.

நான் ஒரு நிறுவனத்தின் ஐடி உதவி மேசையில் இருக்கிறேன். பெரிய ஆண்ட்ராய்டு அப்டேட் வரும்போதெல்லாம் இந்த மாதிரி சில டிக்கெட் வரும். போன்களை நிர்வகிக்க நாங்கள் பயன்படுத்துவது மைக்ரோசாஃப்டின் இன்ட்யூன். உங்களுடையதும் அதுவாக இருந்தால் கீழே சொல்வது அப்படியே பொருந்தும்.

உங்கள் போனுக்கு இரண்டு இடத்தில் பதிவு இருக்கிறது. இன்ட்யூனில் இருப்பது நிர்வாகப் பதிவு. பாஸ்வேர்ட் நீளம், ஆண்ட்ராய்டு பதிப்பு, என்கிரிப்ஷன் எல்லாம் அங்கேதான் சரிபார்க்கப்படுகின்றன. இன்னொன்று மைக்ரோசாஃப்டின் லாகின் சேவையான Entra ID-யில், சுருக்கமாக என்ட்ராவில், இருக்கும் அடையாளப் பதிவு. 2023 வரை அஸ்யூர் ஏடி என்ற பெயரில் இருந்தது இதுதான். மெயிலுக்குள் விடலாமா என்று முடிவு செய்யும் கண்டிஷனல் ஆக்சஸ் விதி, என்ட்ரா பதிவில் Managed, அதாவது கம்பெனி நிர்வாகத்தில் உள்ளது, Compliant, அதாவது விதிகளுக்கு உட்பட்டது, என்ற இரண்டும் Yes என்று இருக்கிறதா என்றுதான் பார்க்கும். இன்ட்யூன் தன் முடிவை அந்தப் பதிவில் எழுதி வைக்கும். இரண்டையும் இணைப்பது Device ID என்ற ஒரு நீளமான எண் மட்டுமே.

போன் தன் Device ID-யை நிரூபிக்க ஒரு சான்றிதழும் அதன் ரகசியச் சாவியும் வைத்திருக்கும். சாவி இருப்பது ஆண்ட்ராய்டின் பாதுகாப்புப் பெட்டகமான கீஸ்டோரில். சில போன்களில் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு அந்தச் சாவியைத் திறக்க முடியாமல் போகிறது. வொர்க் ப்ரொஃபைல் அப்படியே இருக்கும், பெட்டிச் சின்னம் போட்ட ஆப்கள் எல்லாம் இருக்கும். இன்ட்யூனோடு பேசுவதற்கு வேறு வழி இருப்பதால் அந்தப் பேச்சும் நிற்காது. ஆனால் "நான்தான் அந்த போன்" என்று என்ட்ராவிடம் நிரூபிக்க மட்டும் முடியாது. அதனால்தான் ஐடி-யில் பச்சை, உங்களிடம் கதவு மூடல்.

நேற்று முழுக்க மெயில் வந்ததே என்றால், அது குழப்பத்தைக் கூட்டும் ஒரு விஷயம். அவுட்லுக் ஒவ்வொரு மெயிலுக்கும் புதிதாக அனுமதி கேட்பதில்லை. கையில் இருக்கும் டோக்கன் என்ற அனுமதிச் சீட்டு தீரும் வரை ஓட்டும். சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் கொஞ்சம் இருக்கும். அவுட்லுக் போன்ற சில ஆப்களுக்கு 28 மணி நேரம் வரை கூடக் கிடைக்கும். அப்டேட் நடந்து ஒரு நாள் கழித்து மெயில் நின்றால், பலர் அப்டேட்டை நினைக்கவே மாட்டார்கள். பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பார்கள்.

எங்களிடம் வந்த ஒரு கேஸைச் சொல்கிறேன். அவருக்கும் உங்களைப் போலவே சொந்த போன், வொர்க் ப்ரொஃபைல், அப்டேட், மறுநாள் மெயில் இல்லை. நான் இன்ட்யூனில் பார்த்தேன்: கம்ப்ளையன்ட், கடைசியாகப் பேசியது அன்று காலை. போனை மறுபடி சரிபார்க்க ஒரு சிங்க் அனுப்பினேன், போனது. மறுபடி பச்சை. அவரோ "வரல சார்" என்றார். அரை மணி நேரம் இப்படியே ஓடியது. எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை.

அப்புறம்தான் என்ட்ராவில் அவருடைய சைன்-இன் பதிவுகளைத் திறந்தேன். தோல்வியடைந்த வரியைத் தட்டி Device info பகுதிக்குப் போனால், அதில் இருந்த Device ID இன்ட்யூன் காட்டியதோடு பொருந்தவே இல்லை. கண்ணில் பட்டது இவ்வளவுதான்:

```
Device ID:  (இன்ட்யூனில் இல்லாத எண்)
Compliant:  No
Managed:    No
```

அவர் பெயரில் இருந்த சாதனங்களின் பட்டியலைத் திறந்தேன். ஒரே போன் இரண்டு முறை இருந்தது. பழைய பதிவில் Managed, Compliant இரண்டும் Yes. புதியது அன்று காலைதான் உருவாகியிருந்தது, அதில் இரண்டும் No. "காலையில் ஏதாவது அமுக்கினீர்களா?" என்று கேட்டேன். "லாகினுக்கு ஒப்புதல் கொடுக்கிற ஆத்தென்டிகேட்டர் ஆப் 'இந்த போனைப் பதிவு செய்' என்றது, Register கொடுத்தேன்" என்றார். அவர் மேல் தப்பில்லை, திரையில் வேறு வழியும் காட்டவில்லை. சாவி போனதால் ஆத்தென்டிகேட்டருக்கு இது புது போன். அது புதுப் பதிவு போட்டது. அந்தப் புது எண்ணோடு இன்ட்யூனுக்கு எந்த உறவும் இல்லை. நான் அனுப்பிய சிங்க் எல்லாம் பழைய பதிவைத்தான் பச்சையாக்கிக்கொண்டிருந்தது.

ஆகவே உங்கள் ஐடி-யிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: தோல்வியடைந்த சைன்-இன்னில் இருக்கும் Device ID-யும், இன்ட்யூனில் என் போனின் Hardware பக்கத்தில் இருக்கும் என்ட்ரா Device ID-யும் ஒன்றா? இரண்டு நிமிட வேலை.

ஒன்றாக இருந்தால் சாவி போகவில்லை, இது வெறும் கம்ப்ளையன்ஸ் சிக்கல். பெரும்பாலும் கொள்கையில் அதிகபட்ச ஆண்ட்ராய்டு பதிப்பு என்று ஒரு வரம்பு போட்டு மறந்திருப்பார்கள், புதுப் பதிப்பு அதைத் தாண்டியிருக்கும். இல்லையென்றால், அப்டேட்டுக்குப் பிறகு பேட்டரி சேமிப்பு, உங்கள் போனில் இருக்கும் இன்ட்யூனின் ஆப்பான கம்பெனி போர்ட்டலைத் தூங்க வைத்திருக்கும். கம்பெனி போர்ட்டலைத் திறந்து உங்கள் போனைத் தட்டி Check device settings கொடுங்கள். எது இடிக்கிறது என்று அதுவே சொல்லும். ப்ரொஃபைலைத் தொட வேண்டிய வேலையே இல்லை.

இரண்டு எண்ணும் வேறாக இருந்தாலோ, சைன்-இன் வரியில் Device ID காலியாக இருந்தாலோ, ப்ரொஃபைலை அழித்து மறுபடி என்ரோல் செய்வதுதான், அதாவது போனைக் கம்பெனி நிர்வாகத்தில் புதிதாகச் சேர்ப்பதுதான், நேர்வழி. Register-ஐ மட்டும் இன்னொரு முறை அமுக்காதீர்கள், மூன்றாவது பதிவு பிறக்கும்.

அழிப்பதற்கு முன் ஒரு விஷயத்தில் நிதானம் வேண்டும். ஆபீஸ் லாகினுக்கு ஒப்புதல் கொடுக்கும் ஆத்தென்டிகேட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது? சின்னத்தில் சிறிய பெட்டி இருந்தால் அது வொர்க் ப்ரொஃபைலுக்குள் இருக்கிறது. ப்ரொஃபைலோடு அதுவும் போய்விடும். அப்புறம் மறுபடி என்ரோல் செய்ய லாகின் வேண்டும், லாகினுக்கு ஆத்தென்டிகேட்டர் வேண்டும், அது வேண்டுமென்றால் என்ரோல் செய்திருக்க வேண்டும். இந்தச் சுழலில் மாட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். முன்கூட்டியே ஐடி-யிடம் Temporary Access Pass என்ற தற்காலிகக் குறியீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அமைப்பை மாற்றவில்லை என்றால் அதற்கு ஒரு மணி நேரம்தான் ஆயுள், அதனால் உட்கார்ந்து செய்யும் நேரத்தில் கேளுங்கள். மெயில் சர்வரில் இருக்கிறது, பயமில்லை. ஆனால் அனுப்பாமல் போனிலேயே தங்கிய டிராஃப்ட், வொர்க் பக்கத்தில் இறக்கிவைத்த ஃபைல் எல்லாம் திரும்பி வராது. சொந்தப் பக்கத்துப் படங்களும் ஆப்களும் அப்படியே இருக்கும்.

அதன்பின் வரிசை முக்கியம். கம்பெனி போர்ட்டலில் உங்கள் போனைத் தேர்ந்தெடுத்து Remove கொடுத்தால் வொர்க் ப்ரொஃபைல் போய்விடும். சொந்தப் பக்கத்து ஆத்தென்டிகேட்டரிலும் ஆபீஸ் கணக்குக்குப் பதிவு இருந்தால், அதன் அமைப்புகளில் Device registration-க்குப் போய் அதையும் எடுத்துவிடுங்கள். கணக்கை எடுக்காதீர்கள், பதிவை மட்டும். இதற்குள் ஐடி-யில் என்ட்ராவிலுள்ள இரண்டு பழைய பதிவுகளையும் நீக்கட்டும். போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிட்டு, முதலில் கம்பெனி போர்ட்டலில் லாகின் செய்து என்ரோல்மென்ட்டைக் கடைசி வரை முடியுங்கள். பிறகுதான் மற்ற ஆப்கள், கடைசியாக அவுட்லுக். பெட்டிச் சின்னம் உள்ள அவுட்லுக்கையே திறங்கள். சொந்தப் பக்கத்து அவுட்லுக்கில் கணக்கைச் சேர்த்துவிட்டு "இன்னும் வரல" என்று கூப்பிடுகிறவர்களும் உண்டு.

உடனே திறக்கவில்லை என்றால் பதற வேண்டாம். புதிதாகச் சேர்ந்த ஆண்ட்ராய்டு போன் முதல் 15 நிமிடத்துக்கு 3 நிமிடத்துக்கு ஒருமுறை இன்ட்யூனிடம் பேசும், அடுத்த 2 மணி நேரம் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, அதற்கு மேல் சுமார் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை. மேலே சொன்ன கேஸில் நாங்கள் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மெயில் இறங்கிவிட்டது.

இதெல்லாம் சொந்த போனில் போட்ட வொர்க் ப்ரொஃபைலுக்கு. கம்பெனியே வாங்கிக் கொடுத்த போன் என்றால் கம்பெனி போர்ட்டலுக்குப் பதில் இன்ட்யூன் என்ற ஆப்தான் இருக்கும், மறுபடி என்ரோல் செய்ய ஃபேக்டரி ரீசெட் தேவைப்படும். அதை நீங்களாகச் செய்ய வேண்டாம்.

ஐடி-க்கு அனுப்ப வேண்டுமென்றால் இதை அப்படியே அனுப்புங்கள்: "என் போன் அப்டேட்டுக்குப் பிறகு மெயில் மறுக்கிறது. தோல்வியடைந்த சைன்-இன்னில் உள்ள Device ID-யை இன்ட்யூனில் உள்ளதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு என்றால் Temporary Access Pass கொடுங்கள், நான் மறுபடி என்ரோல் செய்கிறேன்."