வாட்ஸ்அப்ல போனதும் மிஸ்ட் ஏன் கட்டம் கட்டமா உடையுது?

"அண்ணா, கோத்தகிரி பக்கம் ஒரு படுகர் வீட்டுக் கல்யாணத்துல எடுத்த குரூப் போட்டோ, எல்லாரும் வெள்ளைத் துணி, பின்னாடி தேயிலைத் தோட்டம், மேல முழுக்க மிஸ்ட். கரண்ட் கம்பி, சென்சார் தூசி எல்லாம் எடுத்துட்டு மிஸ்ட்டையும் நல்லா ஸ்மூத் பண்ணி குவாலிட்டி 100ல எக்ஸ்போர்ட் பண்ணேன். லேப்டாப்ல அருமையா இருக்கு, குரூப்ல போட்டா மிஸ்ட் கட்டம் கட்டமா தெரியுது, துணி மடிப்பெல்லாம் காணோம். என்ன சைஸ், என்ன குவாலிட்டி வெக்கணும்?"

தம்பி, குவாலிட்டி 100ங்கிறது உங்க லேப்டாப்போட முடிஞ்சு போற விஷயம். நீங்க எவ்ளோ பெருசா குடுத்தாலும் சாதாரணமா அனுப்புறப்போ ஆப் அதை நீள பக்கம் 1600 பிக்சல் அளவுக்கு சுருக்கி, மறுபடி புதுசா ஒரு ஜேபெக் போட்டுத்தான் அனுப்பும். 6000க்கு 4000 படம்னா 1600க்கு 1067 ஆகும், அதாவது கிட்டத்தட்ட 14 பிக்சல் சேந்து ஒண்ணாகுது. அந்த சுருக்குற வேலைய போன் அவசர அவசரமா பண்ணும், நீங்க பெரிய சைஸ்ல போட்ட ஷார்ப்னஸ் எல்லாம் அதுலயே கரைஞ்சு போயிடும். அதனால சுருக்குறத நம்மளே பண்ணிடணும், ஆப்புக்கு அந்த வேலைய மிச்சம் வெக்கக் கூடாது.

ஆனா உங்க படத்துல கட்டம் வந்ததுக்கு சைஸ் மட்டும் காரணம் இல்ல, பாதி காரணம் நீங்க மிஸ்ட்டை ஸ்மூத் பண்ணதுதான். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துலயும் சின்ன சின்ன வித்தியாசத்தை தூக்கிப் போட்டு இடத்தை மிச்சம் பண்ணும். முகத்துலயோ தேயிலைச் செடிலயோ வித்தியாசம் பெருசு, அதனால கொஞ்சம் போனா கண்ணுக்குத் தெரியாது. மிஸ்ட்ல ஒரு கட்டத்துக்குள்ள வெளிச்சம் ஒண்ணு ரெண்டு படிதான் மாறும், அதையும் தூக்கிட்டா அந்தக் கட்டம் ஒரே கலர், பக்கத்துக் கட்டம் ஒரு படி கூட, நடுவுல கோடு போட்ட மாதிரி தெரியும். கேமரால இருந்து வந்தப்போ அங்க லேசா நாய்ஸ் இருந்திருக்கும், அந்த நாய்ஸ்தான் இந்த ஓரங்களை மறைச்சிட்டு இருந்தது. நீங்க கம்பியை அழிக்கிறேன்னு அதையும் சேத்து வழிச்செடுத்துட்டீங்க. மீதி இருந்தாலும் 14 பிக்சல் ஒண்ணாகும்போது அதுவும் அடங்கிடும். ஊட்டி, குன்னூர்னு நம்ம பக்கத்துல மிஸ்ட் இல்லாத படம் எத்தனை, சொல்லுங்க. சமவெளிக்காரங்களுக்கு இந்தத் தலைவலி இவ்ளோ இல்ல.

இப்போ உங்க படத்தையே எடுத்துப்போம். ரீடச் பண்ணி லேயரோட வெச்சிருக்கிற பைலை அப்படியே வெச்சிட்டு ஒரு காப்பி எடுங்க, ரா பைல்ல இருந்து 16 பிட்டா கொண்டு வந்ததா இருந்தா கடைசி சேவ் வரைக்கும் 16 பிட்லயே இருக்கட்டும். அடோபி ஆர்ஜிபில இருந்தா `Convert to Profile` வழியா `sRGB`க்கு மாத்துங்க, பக்கத்துல இருக்கிற `Assign Profile`ஐ தொட்டா கலர் மாறிடும். அடுத்து `Image Size`ல நீள பக்கம் 1600. 72ஆ 300ஆன்னு கேக்குற கட்டத்தை விட்டுடுங்க, திரைக்கு அது சம்பந்தமே இல்ல, பிக்சல் எண்ணிக்கைதான் கணக்கு.

சுருக்கினப்புறம்தான் ஷார்ப்பனிங், அதுவும் முகம், நகை, துணி மேல மட்டும், மிஸ்ட்டை மாஸ்க் போட்டு ஒதுக்கிடுங்க.

வெள்ளைத் துணிக்கு தனியா ஒரு வேலை இருக்கு. பின்னாடி வெள்ளை மிஸ்ட், முன்னாடி வெள்ளைத் துணின்னா மடிப்புக்கும் துணிக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசமும் மிஸ்ட் மாதிரியே ரொம்ப சின்னது, ஆப் அதையும் தூக்கிடும். துணி எங்கயாவது 255ஐ தொட்டிருந்தா அங்க மடிப்பே இல்ல, ராவுக்குத் திரும்பிப் போய் ஹைலைட்டைக் குறைச்சுட்டு வரணும். நான் வெள்ளைத் துணியை 240 பக்கம் நிறுத்துவேன், அப்புறம் மடிப்போட நிழலை ஒரு கர்வ்ல லேசா அழுத்துவேன். லேப்டாப்ல பாக்க கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் தெரியும், அனுப்பினப்புறம் போன்ல சரியா இருக்கும். வெளுக்கப் போட்ட வேட்டி மாதிரி பளிச்னு வேணும்னு கேக்குறவங்க இருக்காங்க, அவங்களுக்கு பிரிண்ட்ல குடுத்துக்கலாம்.

கடைசியா நாய்ஸ். சுருக்கின படத்துல மிஸ்ட் மேல மட்டும் `Add Noise`, `Gaussian`, `Monochromatic`, அளவு 1ல இருந்து 1.5 சதவீதம். பெரிய படத்துல போட்டுட்டு அப்புறம் சுருக்கினா பிரயோஜனம் இல்ல, சுருக்கும்போதே காணாமப் போயிடும், நிறைய பேர் இதுலதான் தப்பு பண்றாங்க. லைட்ரூம்ல `Grain` போட்டு எக்ஸ்போர்ட்ல சைஸ் குறைச்சாலும் இதே கதைதான். 3 சதவீதத்தைத் தாண்டினா மிஸ்ட்ல மணல் தூவின மாதிரி அழுக்கா வரும், பைலும் ஊதும்.

சேவ் பண்றப்போ 100ல 85 இல்ல 90 போதும், போட்டோஷாப்போட 12 வரைக்கும் இருக்கிற அளவுல 10. பைல் அரை எம்பியை ஒட்டி வரும், பயப்படாதீங்க. சின்னதா இருக்கட்டும்னு 60க்கு இறங்கிடாதீங்க, நீங்க போட்ட கட்டம் படத்துலயே பதிஞ்சிடும், ஆப் அதுக்கு மேல இன்னொரு தடவை வெட்டும். 1600லயே குடுத்தா ஆப் சைஸை மாத்தாது, அதோட 8க்கு 8 கட்டம் நம்ம கட்டத்து மேலயே பொருந்தி உக்காரும், புதுசா சேதம் கம்மி. 2000ல குடுத்து அது சுருக்கினா ரெண்டு கட்டமும் ஒண்ணுக்கொண்ணு விலகி நிக்கும். எக்ஸ்போர்ட்ல `Limit File Size To`ன்னு ஒண்ணு இருக்கும், அதை டிக் பண்ணாதீங்க, அது குவாலிட்டியை உங்ககிட்ட கேக்காமலே இறக்கும்.

சரியா வந்துச்சான்னு உங்க போன்ல பாத்து முடிவு பண்ணாதீங்க, உங்ககிட்ட ஒரிஜினலும் இருக்கு, ஏமாந்துடுவீங்க. வீட்ல இன்னொரு போனுக்கு அனுப்பி, அதுல சேவ் பண்ணி, டீடெய்ல்ஸ்ல 1600க்கு 1067 காட்டுதான்னு பாருங்க. வேற நம்பர் காட்டினா அந்த நம்பருக்கே உங்க சைஸை மாத்திக்கோங்க, ஆப்காரங்க அப்பப்போ மாத்துவாங்க. அப்புறம் பிரைட்னஸை முழுசா ஏத்தி, தலைப்பாகை ஓரமும் மிஸ்ட்டும் சேர்ற இடத்தைப் பெருசாக்கிப் பாருங்க, கட்டம் இருந்தா முதல்ல அங்கதான் தெரியும்.

எச்டில அனுப்பலாமேன்னு கேப்பீங்க. 2023ல இருந்து அது இருக்கு, அதுல போறதா இருந்தா 3000 பிக்சல்ல இதே மாதிரி பண்ணுங்க. ஆனா நம்ம மலைல சிக்னல் கம்மியா இருக்கிற பக்கம் வாங்குறவங்க சாதாரண காப்பியோடயே நின்னுடலாம், குரூப்ல இருக்கிற நூறு பேரும் எச்டியைத் தொட்டுப் பாக்கவும் மாட்டாங்க. அதனால குரூப்புக்கு 1600தான் நான் போடுவேன்.

கல்யாண வீட்டுக்காரங்களுக்கு மட்டும் முழு சைஸ் பைலை டாக்குமென்ட்டா அனுப்பிடுங்க, அதுல ஆப் கை வெக்காது. 1600 பிக்சல் காப்பி 4க்கு 6 பிரிண்ட்டுக்கு ஓரளவு தாங்கும், இஞ்சுக்கு 266 பிக்சல் வரும். அதையே கொண்டு போய் ஏ4 போடச் சொன்னா 137தான் வரும், அப்புறம் லேப்காரர் உங்களைத்தான் திட்டுவாரு.