‘அடிமனை கோயில்’ என்று விளம்பரத்தில் இருந்தால்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கும்பகோணத்தில் கோயில் மடவிளாகத்தை ஒட்டி, 1,200 சதுர அடி மனையில் உள்ள மாடி வீட்டுக்கு 30 லட்சம் கேட்கிறார்கள். அடுத்த தெருவில் அதே அளவு வீடு 55 லட்சம். விளம்பரத்தில் ‘அடிமனை கோயில், கட்டடம் மட்டும்’ என்றிருக்கிறது. வாடகை ரசீது விற்பவருடைய காலஞ்சென்ற தந்தை பெயரில் உள்ளது. வாங்கலாமா?

இப்போதைய நிலையில் முன்பணம் கொடுக்காதீர்கள். மண்ணும் கட்டடமும் சேர்ந்து உங்களுக்குச் சொந்தமாவதே ஃப்ரீஹோல்டு. இங்கே மண் கோயிலுடையது. நீங்கள் வாங்குவது செங்கல் சுவரையும், மாதந்தோறும் அடிமனை வாடகை கட்டிக் குடியிருக்கும் உரிமையையும் மட்டுமே. விலையில் தெரியும் 25 லட்சம் வித்தியாசம் ஆதாயமன்று; அது உங்கள் கைக்கு வராத மண்ணின் விலை.

தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம், 1959, பிரிவு 34-இன்படி, கோயில் நிலத்தை விற்பதற்கும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் குத்தகைக்கு விடுவதற்கும் இந்து சமய அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதியின்றிச் செய்தது செல்லாது. பிரிவு 34-அ, சந்தை நிலவரத்தை ஒட்டி நியாய வாடகை நிர்ணயிக்கவும், மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைத் திருத்தவும் வழி செய்கிறது. ஆகவே பழைய ரசீதிலுள்ள சிறு தொகையை வைத்து உங்கள் மாதச் செலவைக் கணக்கிடுவது தவறு.

உங்கள் விஷயத்தில் பெரிய சிக்கல் அந்த ரசீதுதான். தந்தைக்குப் பின் மகன் பெயரைக் கோயில் பதிவேட்டில் ஏற்றாதவரை, அவரே அங்கீகரிக்கப்பட்ட குத்தகைதாரர் அல்லர்; அவரிடம் வாங்கும் உங்களைக் கோயில் நிர்வாகம் ஆக்கிரமிப்பாளராகக் கருதி, பிரிவு 78-இன் கீழ் வெளியேற்ற நடவடிக்கை எடுக்க இடமுண்டு. முதலில் விற்பவர் எல்லா வாரிசுகளின் சம்மதத்துடன் பெயர் மாற்றி, நிலுவையைக் கட்டி முடிக்கட்டும். பிறகு உங்களைக் குத்தகைதாரராக ஏற்பதாகச் செயல் அலுவலரிடமிருந்து எழுத்துமூலமான உத்தரவு வரட்டும். அதன் பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள். அப்போதும், மண்ணை ஈடு வைக்க முடியாததால் வங்கிக் கடன் கிடைப்பது கடினம் என்பதை நினைவில் வையுங்கள்.

மயிலாடுதுறையில் ‘முழு சொந்த மனை’ என்கிறார்கள். வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கிறது. அது போதாதா?

போதாது. நீங்கள் கேட்ட காலத்துக்குள் பதிவான பத்திரங்களை மட்டுமே வில்லங்கச் சான்று காட்டும். பல தலைமுறைகளாகக் கோயிலுக்கோ மடத்துக்கோ உரியதாக இருக்கும் நிலத்தின் உடைமை அதில் வராமலே போகலாம். eservices.tn.gov.in தளத்தில் புல எண்ணைக் கொடுத்து, பட்டாவையும் அ-பதிவேட்டையும் பாருங்கள். நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டைப் பாருங்கள். உரிமையாளர் இடத்தில் சுவாமியின் பெயரோ மடத்தின் பெயரோ இருந்தால், விளம்பரம் சொல்வது உண்மையன்று. ‘அறுபது வருஷமாக அனுபவிக்கிறோம்’ என்ற வாதமும் துணைக்கு வராது. கோயில் சொத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் பொருந்தாது என்று அறநிலையச் சட்டத்தின் பிரிவு 109 கூறுகிறது.

திருவாரூரில் ‘வீடு லீசுக்கு, 6 லட்சம்’ என்ற விளம்பரமும் இதே வகையா?

இல்லை. அது நம் பக்கத்தில் ஒத்தி என்றும் போக்கியம் என்றும் சொல்லப்படும் ஏற்பாடு: மொத்தத் தொகையைக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, தவணை முடிவில் பணத்தைத் திரும்பப் பெறுகிறீர்கள். ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்யுங்கள். அந்த வீட்டின் அடிமனையும் கோயிலுடையதா என்பதைப் பணம் கொடுக்கும் முன் பார்த்துவிடுங்கள்.