துபாய் சலூன் ஆஃபர் லெட்டரில் எதைப் பார்க்கணும்?

"துபாய் சலூன்ல ஸ்டைலிஸ்ட் வேலை, மாசம் 2,500 திர்ஹாம், ரூம் ஃப்ரீன்னு லெட்டர் வந்திருக்கு. கையெழுத்து போடலாமா?"

முதல்ல அடிப்படைச் சம்பளத்தைப் பாருங்க. 2,500-ல அது 1,000தான், மீதி அலவன்ஸ், கமிஷன்னா, வருஷத்துக்கு 21 நாள் கணக்குல கிராஜுவிட்டி வெறும் 700 திர்ஹாம். ஓவர்டைமும் அந்த ஆயிரத்தை வச்சுத்தான். கமிஷன் எவ்வளவு பில்லுக்கு மேல தொடங்கும்னு எழுதியே வாங்குங்க. வாய்ப்பேச்சை நம்பி நான் ஏமாந்திருக்கேன்.

வேலை நேரம் சட்டப்படி நாளுக்கு 8, வாரத்துக்கு 48 மணி. "கடை மூடும்வரை"ன்னு இருந்தா மாத்தச் சொல்லுங்க. ரூம்ல எத்தனை பேர், கரண்ட் பில் யாரோடதுன்னும் கேளுங்க.

விசா செலவு முதலாளியோடது. "விசிட் விசால வா, அப்புறம் மாத்திக்கலாம்"னா கிளம்பாதீங்க. அதுல வேலை பார்க்கறது சட்டவிரோதம்.