டின்னில் ஒரு நிறம், சுவரில் ஒரு நிறம்: பெயிண்ட் ஷேடு கேள்வி பதில்

பதில் சொல்பவர், பெயிண்ட் கடையில் டின்டிங் மெஷினைப் பார்த்துக்கொள்கிறவர்.

டின்னின் பக்கவாட்டில் வழிந்து காய்ந்த நிறமும் ஷேட் கார்டும் ஒத்துப்போகவில்லை. கடையில் தப்பாகக் கலந்துவிட்டார்களா அண்ணா?

வழிந்த கோட்டை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். வழியும் பெயிண்ட் மேலே மெல்லிசாக நிற்கும், டின்னில் அச்சடித்த நிறம் அடியில் தெரியும். கீழே சொட்டு திரண்ட இடத்தில் கெட்டியாக இருக்கும். ஒரே கோட்டில் மூன்று ஷேடு பார்க்கலாம். எமல்ஷன் ஈரத்தில் கொஞ்சம் வெளுப்பாகவும் காய்ந்தபின் அழுத்தமாகவும் தெரிவது வழக்கம் என்பதால், டின்னைத் திறந்து உள்ளே பார்த்தும் முடிவு சொல்ல முடியாது.

டின்னை நன்றாகக் கலக்கி, வெள்ளை சார்ட் பேப்பரில் கை அகலத்துக்கு இரண்டு கோட் அடியுங்கள். முதல் கோட் காய்ந்தபிறகுதான் இரண்டாவது. ஒரு ராத்திரி காயவிட்டு கார்டோடு ஒப்பிடுங்கள். அப்போதும் வித்தியாசம் இருந்தால் மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். ஷேட் நம்பர் சரியாக இருந்தும் பேஸ், அதாவது நிறம் சேர்ப்பதற்கு முன் டின்னில் இருக்கும் அடிப்படை பெயிண்ட், மாறியிருக்கலாம். அழுத்தமான ஷேடுக்கு உரிய கலரன்டை, அதாவது மெஷின் சொட்டும் நிறச்சாயத்தை, வெள்ளை பேஸில் விட்டால் பால் ஊற்றியதுபோல வெளிறிப்போகும். அப்படியானால் டின்னைத் தாராளமாகத் திருப்பிக் கொடுக்கலாம்.

எங்கள் ஹாலில் 6500 கெல்வின் எல்இடி போட்டிருக்கிறோம். அது பகல் வெளிச்சம்தானே? அதன் கீழ் பார்த்து ஷேடு எடுத்தால் போதும் என்பது என் கட்சி.

பாதி சரி சார். 6500 என்பது வெளிச்சம் எவ்வளவு நீலம், எவ்வளவு மஞ்சள் என்பதை மட்டும் சொல்கிறது. அதற்குள் எல்லா நிறமும் முழுசாக இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அதற்குத்தான் பல்பு அட்டையில் சிஆர்ஐ என்று ஒரு எண் போடுகிறார்கள். சாதாரண வீட்டு எல்இடியில் 80 ஒட்டி இருக்கும், சிவப்பு சற்று செத்துத் தெரியும். நிறம் பார்க்க 90க்கு மேல் வேண்டும். செலவில்லாத வழி, வெயில் நேரே விழாத ஜன்னலோரம், காலை பத்து மணிக்கு மேல். கார்டை மேஜையில் படுக்க வைக்காமல் சுவரில் நிற்கிற மாதிரி செங்குத்தாகப் பிடியுங்கள்.

பகலில் அழகான சாம்பல். ராத்திரி விளக்கு போட்டால் களிமண் மாதிரி இருக்கிறது. பெயிண்டர் "அடுத்த கோட்டில் சரியாகிவிடும்" என்கிறார். நம்பலாமா?

இரண்டு கோட் ஏற்கெனவே ஏறியிருந்தால் நம்ப வேண்டாம் தங்கச்சி. ஷேட் கார்டையும் உங்கள் பெயிண்ட் அடித்த அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, முதலில் ஜன்னலில் பாருங்கள், பிறகு அந்த விளக்கின் கீழ் பாருங்கள். இரண்டும் சேர்ந்து களிமண்ணானால் பெயிண்ட் சரி, விளக்குதான் காரணம். ஜன்னலில் ஒன்றாக இருந்து விளக்கில் ஒன்றுக்கொன்று பிரிந்துபோனால், கார்டின் நிறத்தை வேறு கலரன்டுகளால் பிடித்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உங்களுக்குப் பெரும்பாலும் முதலாவதுதான் இருக்கும். 3000 கெல்வின் மஞ்சள் பல்பு சாம்பலை விட்டுவைக்காது. 4000 பல்பு ஒன்று மாட்டிப் பாருங்கள், பெயிண்டை விட மலிவு. தரை சிவப்பு ஆக்ஸைடா என்றும் கவனியுங்கள். சுவரின் அடிப்பகுதியில் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்தால் தாளே இளஞ்சிவப்பாகத் தெரியும். அங்கே எந்த சாம்பலும் கார்டில் இருப்பதுபோல் வராது.

எங்கள் வெளிச்சுவர் மஞ்சள் இரண்டு வருஷத்தில் மங்கிவிட்டது. விளக்கு மாற்றினால் சரியாகுமா?

இல்லை ஐயா, அது வேறு கதை. பளிச்சென்ற மஞ்சளும் சிவப்பும் சிலவகை கலரன்டில் வெயிலுக்கு நிற்காது. கடையில் வெளிச்சுவருக்கென்று ஒதுக்கிய ஷேடாகக் கேளுங்கள்.

புடவை பார்டர் நிறத்தை ஸ்கேன் பண்ணி பெயிண்ட் கலந்தோம். இரண்டு நிறத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லும் டெல்டா ஈ எண் 0.6 தான். ஆனாலும் ராத்திரி புடவையும் சுவரும் ஒட்டவில்லை. ஃபார்முலா மாற்றினால் தீரும் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு விஷயம் தெரிகிறது. ஆனால் அந்த 0.6 எந்த வெளிச்சத்துக்கு? பகலுக்கு மட்டும் கணக்கிட்டிருந்தால் ராத்திரிக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. பட்டுச் சாயமும் பெயிண்ட் கலரன்டும் வெளிச்சத்தை வேறுவேறு விதமாகத் தின்கின்றன. போதாததற்குப் பட்டு மின்னும். மெஷினில் பகல், பல்பு, டியூப் மூன்றுக்கும் சேர்த்து ஃபார்முலா கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் குறையலாம். முழுசாகத் தீரும் என்று நான் சொல்ல மாட்டேன், மெஷினில் இருக்கிற கலரன்டுகள் அத்தனைதான்.

ஒரே ஷேட், மூன்று டின். மூன்றும் ஒரே மாதிரி வருமா?

பெரிய வாளியில் மூன்றையும் ஊற்றிக் கலந்துவிட்டு ஆரம்பியுங்கள். நான்காவது டின் பிறகு வாங்க நேர்ந்தால் சுவர் நடுவில் தொடங்காதீர்கள், மூலையிலிருந்து மூலைக்கு அடியுங்கள். மிச்சத்தை மூடி வைக்கும்போது ஸ்டிக்கரை போட்டோ எடுத்துவிடுங்கள், அதன்மேல் பெயிண்ட் வழிந்தால் நம்பர் போய்விடும்.