சிங்கப்பூர்ச் சம்பளத்தை 65-ஆல் பெருக்கும் முன்

கேள்வி: வயது 31. சென்னையில் மென்பொருள் வேலை, கையில் மாதம் 1,20,000 ரூபாய் வருகிறது. சிங்கப்பூரிலிருந்து மாதம் 7,800 வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. மனைவி இங்கே தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 30,000. பள்ளிக்குப் போகும் மகள் ஒருத்தி. குடும்பத்தோடு போனால் லாபமா?

பதில்:

குடும்பத்தோடு போனால், நீங்கள் இப்போது சேமிப்பதைவிடக் குறைவாகத்தான் சேமிப்பீர்கள். தனியாகப் போனால் மூன்று மடங்கு சேமிக்கலாம். சம்பளம் ஒன்றுதான் என்றாலும் விடை இரண்டாகப் பிரிகிறது. எப்படி என்று சொல்கிறேன்.

2016-இல் எனக்கு 5,200 வெள்ளிக்கு வேலை கிடைத்தபோது அதை அன்றைய மதிப்பான 48-ஆல் பெருக்கி, மாதம் இரண்டரை லட்சம் என்று வீடு முழுக்கச் சொல்லி மகிழ்ந்தோம். மனைவியையும் குழந்தையையும் உடனே அழைத்துக்கொண்டேன். முதல் ஆண்டு முடிவில் ஊரிலிருந்த சேமிப்பில்தான் கை வைத்திருந்தேன். பெருக்கல் தவறவில்லை. எதைப் பெருக்க வேண்டும் என்பதில்தான் தவறினேன்.

அங்கே செலவாகும் வெள்ளி ஒருபோதும் ரூபாயாக மாறுவதில்லை. வீட்டுக்காரருக்கும் மளிகைக் கடைக்கும் அது வெள்ளியாகவே போய்விடும். மாதக் கடைசியில் மிஞ்சுவது மட்டும்தான் கடல் தாண்டி வந்து ரூபாயாகிறது. அதனால் முழுச் சம்பளத்தை 65-ஆல் பெருக்குவது தவறு. இணையத்தில் கிடைக்கும் வாழ்க்கைச் செலவுக் குறியீட்டை எடுத்து முழுச் சம்பளத்தையும் வகுப்பதும் அதே அளவு தவறு. குறியீடு செலவாகும் பணத்துக்கு மட்டும் பொருந்தும். மிச்சப்படும் பணத்துக்கு வங்கி தரும் மாற்று மதிப்புதான் கணக்கு. ஆகவே இரண்டு ஊரிலும் மிச்சத்தைத் தனித்தனியே கண்டுபிடித்து, அந்த இரண்டை மட்டும் ஒப்பிடுங்கள்.

முதலில் சென்னை. வாடகை 24,000, மகளின் பள்ளி உட்பட வீட்டுச் செலவு 46,000 என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்ணை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். கையில் வருவதில் 50,000 மிஞ்சும். இதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். வருங்கால வைப்பு நிதிக்கு உங்கள் பங்கும் நிறுவனத்தின் பங்குமாகச் சுமார் 14,000 ரூபாய் சேர்கிறதே, அதுவும் சேமிப்புதான். சிங்கப்பூரில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் வெளிநாட்டினருக்கு அந்த நாட்டு வைப்பு நிதியான மத்திய சேம நிதி கிடையாது. எனவே அங்கே போனால் இந்த வரவு நின்றுவிடும். மனைவியின் 30,000-ஐயும் சேர்த்தால் உங்கள் குடும்பம் இன்று மாதம் 94,000 ரூபாய் சேமிக்கிறது.

இனி சிங்கப்பூர், குடும்பத்தோடு. வாடகையிலிருந்துதான் தொடங்க வேண்டும். மற்ற எதையும் சுருக்கலாம், இதைச் சுருக்க முடியாது. வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடியில் 'மூவறை வீடு' என்று விளம்பரம் பார்த்தால் மூன்று படுக்கையறை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கூடத்தையும் ஓர் அறையாக எண்ணுவார்கள். மூவறை என்றால் இரண்டு படுக்கையறை. நகர மையத்திலிருந்து தள்ளி அப்படி ஒரு வீட்டுக்கு 2,900 வெள்ளி வைத்துக்கொள்வோம். மின்சாரம், தண்ணீர், இணையம், தொலைபேசி 300. சாப்பாடும் மளிகையும் 1,000. பஸ், ரயில் 250. மகளுக்கு இந்தியப் பாடத்திட்டப் பள்ளி 1,200. உள்ளூர் அரசுப் பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் உறுதியில்லை, அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். மருத்துவமும் காப்பீடும் 200, ஆண்டுக்கு ஒருமுறை ஊர் வந்து போக மாதக் கணக்கில் 200, மற்றவை 350. மொத்தம் 6,400. வருமான வரி மாதத்துக்குச் சுமார் 340 ஆகும். மிஞ்சுவது 1,060 வெள்ளி. ஒரு வெள்ளி 65 ரூபாய் என்றால் ஏறக்குறைய 69,000.

94,000 எங்கே, 69,000 எங்கே? இந்தப் பள்ளத்தைத் தோண்டுவது விலைவாசி மட்டுமல்ல. உங்கள் மனைவி சார்ந்திருப்போர் அனுமதியில் வந்தால் அதை வைத்து ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர முடியாது. 2021 மே மாதத்திலிருந்து அவருக்கென்று தனியாக வேலை அனுமதி வேண்டும். ஆக அவருடைய 30,000 முதல் நாளே நின்றுவிடுகிறது. சம்பளப் பேச்சில் யாரும் இதைச் சொல்வதில்லை, ஆனால் உங்கள் கணக்கில் இதுதான் பெரிய ஓட்டை.

தனியாகப் போனால்? பொது அறை ஒன்று, அதாவது பிறர் வீட்டில் தனிக் குளியலறை இல்லாத ஓர் அறை, 1,200, சாப்பாடு 600, மற்ற எல்லாமும் வரியும் சேர்த்து 1,100. மாதம் 4,900 வெள்ளி, அதாவது 3,18,500 ரூபாய் மிஞ்சும். சென்னை வீட்டை நடத்த வாடகையோடு 60,000 தேவைப்பட்டால், மனைவியின் சம்பளம் போக நீங்கள் 30,000 அனுப்ப வேண்டும். அதையும் கழித்தால் கையில் 2,88,500. மகளைப் பிரிந்திருப்பதை எந்த எண்ணாலும் ஈடுகட்ட முடியாது. அது நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியது. ஆனால் இரண்டு ஆண்டில் ஒரு வீட்டுக் கடனை அடைப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வழி உண்மையாகவே உதவும்.

மாதக் கணக்கில் தெரியாத இரண்டு செலவுகள் என்னை அடித்துப்போட்டன. ஒன்று, வீட்டு முன்பணம். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு வழக்கமாக இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, முதல் மாத வாடகை முன்கூட்டியே, அதற்குமேல் ஒப்பந்த முத்திரைத் தீர்வை, சில நேரம் ஏஜென்ட் கட்டணம். 2,900 வெள்ளி வாடகைக்கு முதல் சம்பளம் வருமுன்பே சுமார் 9,000 வெள்ளி தேவை. ஆறு லட்சம் ரூபாய் என்று வையுங்கள். கையெழுத்திடும் முன், வேலை போனால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள வழி செய்யும் விதி அதில் இருக்கிறதா, எத்தனை மாதத்துக்குப் பிறகு அது செல்லும் என்று பாருங்கள். பெரும்பாலும் முதல் 12 மாதத்துக்கு அது செல்லாது.

இரண்டாவது வரி. நம் ஊரைப் போல மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்க மாட்டார்கள். முழுச் சம்பளமும் கைக்கு வரும், அடுத்த ஆண்டுதான் வரி நோட்டீஸ் வரும். நான் முதல் ஆண்டு அதையும் மிச்சம் என்று நினைத்து ஊருக்கு அனுப்பிவிட்டேன். வட்டியில்லாமல் 12 தவணையில் கட்டலாம் என்பதால் தப்பித்தேன். நீங்கள் முதல் மாதத்திலிருந்தே அந்த 340-ஐத் தனியே எடுத்து வையுங்கள். வேலையை விட்டுக் கிளம்பும்போது வரிக் கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுவனம் நிறுத்திவைக்கும், அதையும் நினைவில் வையுங்கள்.

சரி, நிறுவனத்திடம் என்ன கேட்பது? குடும்பத்தோடு போய் இன்றைய 94,000-ஐயே காப்பாற்றிக்கொள்ளச் சுமார் 8,250 வெள்ளி வேண்டும். அதற்குமேல் வருவதுதான் உங்களுக்கு உண்மையான உயர்வு. 7,800 முழுவதும் நிலையான சம்பளமா, படிகளும் அதில் அடங்குமா, 13-ஆம் மாதச் சம்பளம் உண்டா, காப்பீடு மனைவிக்கும் மகளுக்கும் சேர்த்தா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அனுமதிச் சீட்டுக்கான குறைந்தபட்சச் சம்பளம் வயதோடு ஏறும். 31 வயதுக்கு எவ்வளவு என்று மனிதவள அமைச்சின் தளத்தில் பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். சம்பளத்தை ஏற்ற மறுத்தால், முதல் மூன்று மாத வாடகையையாவது அவர்கள் ஏற்பார்களா என்று கேளுங்கள். எனக்கு இரண்டாவது வேலையில் அது கிடைத்தது.